மூன்றாம் நபர் சொன்ன விகிதம்

வருமான வரித் துறையின் அறிவிக்கையில் மூன்று கேள்விகள் இருந்தன. மூன்றாவது கேள்வி தன் அண்ணனைத் தொடுகிறது என்பது, அதைப் படித்தவர்களுள் ரஞ்சிதா ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அண்ணனின் பெயர் அதில் எங்கும் இல்லை.

செங்கல்பட்டு இரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மாடியில், பட்டயக் கணக்கர் ரூத்தின் அலுவலகம். ரஞ்சிதா கூடுவாஞ்சேரியிலிருந்து காலை வண்டியில் வந்திருந்தாள். ரூத் எந்த அறிவிக்கையையும் திரையில் படித்துவிட்டுப் பதில் எழுதுபவர் அல்லர். அச்செடுப்பார், கேள்விக்கு ஒரு தாளாகப் பிரிப்பார், அந்தந்தக் கேள்விக்கு உரிய சான்றை அந்தந்தத் தாளுக்குக் கீழே அடுக்குவார். சான்று இல்லாத தாள் மேசையில் தனியே கிடக்கும். அன்று தனியே கிடந்தது மூன்றாவது தாள்.

"அதுக்கு அப்புறம் வரலாம். முதல்ல நடந்ததை நீங்க சொல்லுங்க, நான் சரிபார்த்துக்கறேன்," என்றார் ரூத்.

ரஞ்சிதா சொன்னாள். அவள் பணிபுரியும் மென்பொருள் நிறுவனத்தின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. அந்தத் தாய் நிறுவனத்தின் ஆயிரம் பங்குகளை, பங்கொன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு அளித்தார்கள். ஒரு ஜூன் மாதத்தில், சந்தை விலை நாற்பது டாலராக இருந்தபோது, அவள் அந்த உரிமையைப் பயன்படுத்தினாள். நாற்பது டாலர் பெறுமானமுள்ள பங்கு பத்து டாலருக்குக் கிடைத்தால், இடையிலுள்ள முப்பது டாலரும் சம்பளத்தைச் சேர்ந்த பலன் என்பது சட்டம். அதற்கு வரி உண்டு. பங்கை வாங்கவும் வரியைச் செலுத்தவும் கையில் பணம் இல்லாததால், அன்றைக்கே நானூற்று எண்பத்துநான்கு பங்குகளை விற்கச் சொன்னாள். மீதி ஐந்நூற்றுப் பதினாறு இன்றளவும் அமெரிக்கத் தரகு நிறுவனக் கணக்கில் அவள் பெயரில் இருக்கின்றன. அவற்றை வெளிநாட்டுச் சொத்தாக ஆண்டுதோறும் காட்டியும் வருகிறாள்.

"மறைக்கலை. அது நல்லது," என்று ரூத் முதல் தாளை முன்னே நகர்த்தினார். "அவங்க கேக்கறது என்னன்னா, அமெரிக்கக் கணக்குல வந்தது நாற்பதாயிரம் டாலர் பங்கு, சம்பளத்துல காட்டினது முப்பதாயிரம். பாக்கிப் பத்தாயிரம் எங்கே?"

"அது நான் குடுத்த விலை, மேடம். ஆயிரம் பங்குக்கு பத்து டாலர்."

"எதுலேர்ந்து குடுத்தீங்க?"

"வித்த பங்குலேர்ந்துதான். இருநூத்தம்பது பங்கு அதுக்கே போச்சு."

ரூத் தரகு நிறுவனத்தின் அறிக்கையில் அந்த வரியை நீலமையால் கோடிட்டு, முதல் தாளுக்குக் கீழே வைத்தார். அடுத்ததாக ஜூன் மாதச் சம்பளச் சீட்டை எடுத்தார்.

"ரெண்டாவது கேள்வி. மீதி இருநூத்து முப்பத்துநாலு பங்கு வித்த பணம் ஒன்பதாயிரத்து முந்நூத்து அறுபது டாலர். அது உங்க பேங்க்குக்கு வரவே இல்லை. எங்கே போச்சு?"

"கம்பெனிக்கு."

"எங்கே இருக்கு அது, காட்டுங்க."

ரஞ்சிதா சம்பளச் சீட்டைப் பார்த்தாள். அந்த மாதம் அவளுடைய மொத்தச் சம்பளம் என்று அச்சாகியிருந்த எண்ணைக் கண்டு, அப்போது வீட்டில் எல்லாரும் சிரித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வருமானப் பக்கத்தில் இருபத்துநான்கு இலட்சத்துக்கு மேல் 'பங்குப் பலன்' என்று ஏறியிருந்தது. கையில் கொடுக்காத பலன் ஆகையால், அதே தொகை பிடித்தப் பக்கத்திலும் இறங்கியிருந்தது. அதன்கீழே, ஊழியர் மலைக்கும்படியான வருமான வரி. அதையொட்டி, 'பங்கு விற்பனையிலிருந்து பெற்றது' என்று ஒரு வரவு. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்ததால் அவளுக்கு அந்த மாதமும் வழக்கமான சம்பளமே கிடைத்தது.

"இந்த வரி," என்று விரலை வைத்தாள்.

"சரி. கம்பெனி அதை உங்க பான் எண்ணுல கட்டியிருக்கு. வரிப் பிடித்தக் கணக்குலயும் வந்திருக்கு. கேள்வி முடிஞ்சுது." ரூத் சீட்டின் அடியிலிருந்த குறிப்பைச் சுட்டினார். பலனை ரூபாயாக மாற்றுவதற்கு எந்த நாளின் எந்த விகிதத்தைக் கொண்டார்கள் என்பதைச் சிறிய எழுத்தில் நிறுவனம் அச்சிட்டிருந்தது. "இந்தக் குறிப்பை மறந்துடாதீங்க. மூணாவது கேள்வி இங்கேர்ந்துதான் கிளம்புது."

இடையிலுள்ள பலனுக்கும் வரி கட்டிவிட்டதால், பங்கை வாங்கிய விலை நாற்பது டாலர் என்றே கணக்கு. அதை அன்றே நாற்பது டாலருக்கு விற்றிருக்கிறாள். டாலரில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் அவள் தானே நிரப்பி அனுப்பிய வரி விவரத்தில், பங்கு விற்றதில் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் ரூபாய் நட்டம் என்று இருந்தது. வாங்கிய விலைக்கு நிறுவனத்தின் விகிதம். விற்ற விலைக்கு அதைவிட டாலருக்கு எழுபது காசு குறைவான ஒரு விகிதம். இந்த விகிதத்தை எங்கிருந்து பெற்றீர்கள், சான்று என்ன, இதை வேண்டுமென்றே அளித்த தவறான தகவலாக ஏன் கருதக்கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

"பதின்மூணாயிரம்தானே, மேடம். அந்த நட்டமே வேண்டாம்னு விட்டுடறேன்."

"விட்டுடலாம். ஆனா கேக்கறது 'எவ்வளவு'ன்னு இல்லை, 'ஏன்'னு. இந்த ஏன்-க்கு பதில் சரியில்லைன்னா, மேல ரெண்டு பதிலையும் சந்தேகமா படிப்பாங்க. தவறான தகவல்னு முடிவு பண்ணினா வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம். பணத்தைவிட, அந்த வார்த்தை உங்க பேர்ல நிக்கும்." ரூத் எழுதுகோலை எடுத்தார். "எங்கேர்ந்து எடுத்தீங்க இந்த ரேட்டை?"

"நெட்லதான்."

"எந்த சைட்ல?"

ரஞ்சிதா மூன்றாவது தாளின் ஓரத்தை நேராக்கினாள். கீழே சந்தில் ஆட்டோ ஓட்டுநர்கள் இருவர் இடத்துக்காகச் சண்டையிடுவது கேட்டது.

"நெட்ல இல்லை போலிருக்கே," என்றார் ரூத், குரலை உயர்த்தாமல். "எனக்கு இல்லாததை எழுத வராது, ரஞ்சிதா. எழுதினாலும் அடுத்த நோட்டீஸ்ல அந்தப் பக்கத்தைக் காட்டுங்கன்னுதான் கேப்பாங்க."

"எங்க அண்ணன் சொன்னது, மேடம். மகாபலிபுரத்துல மணி எக்ஸ்சேஞ்ச் வெச்சிருக்காரு."

ரூத் எழுதுகோலை மூடி வைத்தார். "அப்படின்னா அவர் எதைப் பார்த்துச் சொன்னாருன்னு பார்க்கணும். அதைக் கொண்டு வாங்க."

*

மாமல்லபுரத்தில், சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகள் நெருங்கிய தெருவில், அரசுவின் கடை ஓர் ஆள் அகலமே உள்ளது. முன்னால் கண்ணாடிச் சன்னல்; அதன் அடியில் கை நுழையும் பிளவு; மேலே அன்றைய விலைப்பலகை. உரிமம் பெற்ற பெரிய நாணய மாற்று நிறுவனம் ஒன்றின் துணை முகவராக அரசு இதை நடத்திவந்தான். அதற்கு முன் தந்தை சடையனின் படகில் கடலுக்குப் போனவன். ரஞ்சிதா பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும் கல்லூரிக் கட்டணம் இந்தக் கண்ணாடிச் சன்னலுக்குள்ளிருந்தே வந்தது. அதை அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவளும் ஒரு நாளும் மறந்ததில்லை.

சன்னலுக்குள் அண்ணி தேவிப்பிரியா அமர்ந்து, ஒரு வெள்ளைக்காரரின் கடவுச்சீட்டை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். அரசு பின்னால் நாற்காலியில் இருந்தான்.

"இன்னா பாப்பா, போன் கூட பண்ணாம வந்து நிக்கிற? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்கண்ணா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவள் அறிவிக்கையை விளக்கினாள். கேட்டுக்கொண்டே வந்த அரசுவின் முகம், மூன்றாவது கேள்வியில் மாறிவிட்டது. அவன் எழுந்து வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தான்.

"என் பேர எழுதிட்டியா?"

"இன்னும் ஒண்ணும் எழுதலண்ணா."

"எழுதாத. வர்ற வாரம் கம்பெனிக்காரன் இன்ஸ்பெக்சனுக்கு வரான். அவன் ஓகே போட்டாதான் இந்த வருசம் ரினிவல். எதிர்சாரில ஒரு கட இருந்துச்சே, ஞாபகம் கீதா? ஒரே ஒரு லெட்டர் வந்துச்சு. என்னா லெட்டர், எங்கேர்ந்து வந்துச்சு, ஒருத்தனுக்கும் தெரியாது. ஷட்டரு எறங்கினது எறங்கினதுதான்."

தேவிப்பிரியா சன்னல் பக்கமிருந்து திரும்பாமலே பேசினாள். "தங்கச்சி அமெரிக்கா கம்பெனில ஏசில குந்திகினு வேல பாக்குது. அதுக்கு ரேட்டு சொல்ல ஊர்ல இவர வுட்டா ஆளே கெடைக்கல."

"நீ ஏன் நடுவுல வர?" என்றான் அரசு.

"நடுவுல எங்க வரேன்? நான் ஓரமா சன்னலாண்டதான் குந்திகினுகீறேன்."

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்தது, அரசுவுக்கு வரவில்லை. இருந்தாலும், கேட்டதை எடுத்துக்காட்ட அவன் மறுக்கவில்லை. நாள்தோறும் காலையில் பாரத ஸ்டேட் வங்கி வெளியிடும் அந்நியச் செலாவணி விகிதத் தாளை அவன் அச்செடுப்பான். அதைப் பார்த்துத்தான் விலைப்பலகையை எழுதுவான். பழைய தாள்களைத் தூக்கிப்போடாமல் மாதவாரியாகக் கோத்து வைப்பது அவன் வழக்கம். ஜூன் மாதத்தில் விற்ற சொத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் விகிதத்தையே கொள்ளவேண்டும் என்னும் விதி ரஞ்சிதாவுக்குத் தெரிந்திருந்ததால், மே மாதம் முப்பத்தொன்றாம் நாளின் விகிதத்தை அவள் தொலைபேசியில் கேட்டிருந்தாள். அந்த நாளின் தாளை அரசு உருவி எடுத்து மேசைமேல் விரித்தான்.

அமெரிக்க டாலர் என்ற வரியில் பல எண்கள் வரிசையாக நின்றன. வலப்புறம், பென்சிலால் சிறிய சரிக்குறி இடப்பட்ட ஓர் எண் இருந்தது.

"இதான் உனக்கு சொன்னேன். தப்பா சொல்லல பாரு."

ரஞ்சிதா அந்தக் கட்டத்தின் தலைப்பை நோக்கி விரலை மேலே கொண்டுபோனாள். நோட்டு வாங்கும் விலை. விரலை அந்த வரியின் தொடக்கத்துக்கு நகர்த்தினாள். முதற்கட்டத்திலிருந்த எண், ஒரு ரூபாய்க்கு மேல் கூடுதலாக இருந்தது. அதன் தலைப்பு வேறு: தந்தி மாற்று வாங்கும் விலை. வெளிநாட்டிலிருந்து கணக்குக்குக் கணக்கு வந்துசேரும் பணத்தை வங்கி இந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். வரி விதி கேட்பதும் இதைத்தான்.

"அண்ணா, இது நோட்டுக்கு உள்ள ரேட்டு. எனக்கு வேண்டியது தந்தி ரேட்டு."

"தந்தியா? தந்திய மூடி எத்தினி வருசம் ஆவுது?"

"தந்தி ஆபீஸ் இல்லண்ணா. பேரு மட்டும் அப்படியே கீது."

அரசு தாளைத் தன் பக்கம் இழுத்து நெடுநேரம் பார்த்தான். "நீ தந்தின்னு சொன்னியா அன்னிக்கு? 'டாலர் வாங்குற ரேட்டு இன்னாண்ணா'ன்னு கேட்ட. வாங்குறதுன்னா எனக்கு இந்த ஓட்ட வழியா வாங்குறதுதான். மத்த கட்டத்த நான் பாக்குறதே இல்ல. கண்ணு நேரா அங்கதான் போவும்."

உண்மை அதுதான். அவள் ஒரு சொல்லை விட்டுவிட்டாள். எஞ்சிய சொல்லை அவன் தன் தொழிலின் பொருளில் எடுத்துக்கொண்டான். எந்த இணையப் பக்கத்திலும் தேடாமல், ஊரே விலை கேட்டு வரும் தன் அண்ணனைக் கேட்டதில் அவளுக்கு அன்று பெருமைகூட இருந்தது.

"என் தப்புதாண்ணா."

"என்னாலதான உனக்கு நோட்டீசு?" அரசு தாளை மடிக்கப் போனவன், மடிப்பு விழக்கூடாது என்று நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் உறையில் செருகினான். "தாள எடுத்துக்கினு போ. பேங்க்குத் தாள்தான், யார் வேணா வெச்சிருக்கலாம். என் பேரு மட்டும் வேணாம், பாப்பா. ரினிவல் முடியட்டும்."

"வராதுண்ணா."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு வெளிநாட்டுப் பெண் நூறு டாலர் தாளைப் பிளவு வழியே நீட்டினாள். அரசுவின் பார்வை, பழக்கத்தால், தாளிலுள்ள நீர்க்குறியைத் தேடிச் சென்றது.

*

ரூத் புதிய கணக்கைப் போட்டார். சரியான விகிதத்தில், விற்ற விலை நிறுவனத்தின் விகிதத்தைவிட டாலருக்கு நாற்பது காசு கூடுதலாக வந்தது. நட்டம் போய், ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய் இலாபமாக நின்றது.

"சிரிக்கத்தான் வேணும்," என்றார் ரூத். "டாலர்ல ஒண்ணும் மிஞ்சலை. ஆனா கம்பெனி ஒரு நாளோட ரேட்டைப் போட்டிருக்கு, விதி வேற நாளோட ரேட்டைப் போடச் சொல்லுது. இந்த இடைவெளிக்கு உங்க சம்பளத்தோட விகிதத்துலயே வரி கட்டணும். வட்டியும் சேரும். கட்டிடுங்க."

"கட்டிடறேன். அண்ணன் பேரு மட்டும் வேணாம், மேடம்."

ரூத் அவளை ஒரு கணம் பார்த்தார். "உங்க பதில், நீங்க சொல்றபடி எழுதறேன். ஆனா அது மெலிஞ்ச பதில். சொல்லிட்டேன்."

வங்கித் தாள் ஒன்று மட்டும் தனித்து நின்றால் எங்கோ பிறகு தேடி எடுத்ததுபோலத் தோன்றும் என்று ரூத்துக்கு ஓர் ஐயம். அந்த மாதத்துக் கோப்பு முழுவதையும் ஒருமுறை நேரில் பார்க்க விரும்பினார். கோப்பைக் கூரியரில் அனுப்ப மனமில்லாமல் அரசுவே எடுத்துக்கொண்டு வந்தான். கடையில் தேவிப்பிரியாவை அமர்த்திவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக இருசக்கர வண்டியில் செங்கல்பட்டு வந்தவன், மாடிப்படியில் காலணியைக் கழற்றிவிட்டு, ரஞ்சிதா காத்திருந்த அறைக்கு ஏறினான்.

"செருப்போடயே வரலாமே," என்றார் ரூத்.

"பரவால்ல மேடம். கணக்குப் பாக்குற எடம்."

ரூத் கோப்பைப் புரட்டினார். நாள் தவறாத தாள்கள். ஒவ்வொன்றிலும் அதே கட்டத்தில் அதே பென்சில் சரிக்குறி. சரிக்குறி ஒருமுறைகூட வேறு கட்டத்தில் விழவில்லை. ரூத் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைவிட நல்ல சான்று கிடைக்காது. தினமும் ஒருத்தர் இந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துட்டு வந்திருக்காரு. அன்னிக்கும் அதையே பார்த்தாரு."

அரசு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் தங்கையைப் பார்த்தான்.

பதில்களை வரித் துறையின் இணையதளத்தில் ஏற்றுவதற்கு முன், ரூத் அவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழில் சொல்லிக் கட்சிக்காரருக்குப் படித்துக்காட்டுவார். ஆங்கிலம் நன்கறிந்தவர்களுக்கும் இந்த விதியை அவர் தளர்த்தியதில்லை. பொருள் விளங்காமல் இடும் கையெழுத்து, கையெழுத்தாகாது என்பது அவர் கொள்கை. முதல் பதிலையும் இரண்டாம் பதிலையும் படித்தார். பின்பு மூன்றாவது.

"'நாணய மாற்றுத் தொழிலில் உள்ள மூன்றாம் நபர் ஒருவர் தெரிவித்த விகிதத்தை நம்பி, தந்தி மாற்று வாங்கும் விகிதத்துக்குப் பதிலாக நோட்டு வாங்கும் விகிதத்தைத் தவறுதலாகப் பயன்படுத்திவிட்டேன். அந்த நபர்—'"

"யாரு மேடம் அது?" என்றான் அரசு.

"எது?"

"மூணாம் நபரு."

ரஞ்சிதா கோப்பின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீதாண்ணா. உன் பேரு வரக்கூடாதுன்னுதான்."

"நான் மூணாம் ஆளா?" அவன் குரலில் கோபம் இல்லை. "உன்ன காலேஜுல சேத்தப்போ அந்த பாரத்துல கார்டியன்னு எழுதினாங்களே, அது யாரு பேரு?"

"உன் பேருதான்."

"அப்போ கார்டியனு. இப்போ மூணாம் நபரு."

இலக்கணம் மூன்றே இடங்களை அறியும். பேசுபவர் தன்மை, கேட்பவர் முன்னிலை, அங்கில்லாத எவரும் படர்க்கை. எதிரிலேயே அமர்ந்திருந்தும் தான் படர்க்கைக்குத் தள்ளப்பட்டிருப்பதை, இலக்கணம் படிக்காமலேயே அரசு கண்டுகொண்டான். தள்ளச் சொன்னதும் அவனே.

அவன் ரூத்தின் பக்கம் திரும்பினான். "கேள்வி கேட்டவரு யாரு மேடம்? எங்க கீறாரு?"

"தெரியாது. இப்ப இதெல்லாம் முகமில்லாம நடக்குது. டெல்லியில இருக்கலாம், கவுகாத்தியில இருக்கலாம். பதிலைப் படிக்கறது யாருன்னு நமக்குச் சொல்லமாட்டாங்க."

"அவரு மொகமும் தெரியாது, பேரும் தெரியாது. இவ எழுதுறதுலயும் பேரு இல்ல. படிக்கிறவரு இன்னா நெனப்பாரு? ஆளே இல்லாம ஒரு ஆள உண்டாக்கிட்டாங்கன்னுதான?"

"அப்படியும் நினைக்கலாம்," என்றார் ரூத். "அதைத்தான் மெலிஞ்ச பதில்னு சொன்னேன்."

"பேரப் போட்டா கடைக்கு இன்னா ஆவும்?"

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது ரூத்துக்குப் பழக்கமில்லை. "பேங்க்குத் தாளைப் பார்த்து ஒரு ரேட்டைச் சொன்னது குற்றம் இல்லை. உங்க லைசன்ஸும் வரித்துறை கையில இல்லை. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். உங்க கம்பெனிக்காரர் ஒண்ணும் கேக்கவே மாட்டாருன்னு என்னால சொல்ல முடியாது."

"அண்ணா, வேணாம்," என்றாள் ரஞ்சிதா. "பெனால்ட்டி வந்தா கட்டிடறேன். உன் கட போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ கம்முனு இரு. டப்பு கட்டிடுவ, சரி. தப்பா சொன்னவன்னு உன் பேர்ல எழுதிட்டா, அத எந்த ரேட்டுல மாத்துவ?" அவன் கோப்பைத் தன் முன்னே இழுத்துக்கொண்டான். "எழுதுங்க மேடம். என் அண்ணன் அரசு, சடையன் மகன். கட அட்ரஸும் போடுங்க. லைசன்ஸ் கம்பெனி பேரையும் போடுங்க. மூணாம் நபர எடுத்துடுங்க."

ரூத் அந்தத் தொடரை அடித்து வேறு எழுதினார். அத்துடன் அரசுவிடமிருந்து ஓர் உறுதிக் கடிதம் வேண்டும் என்றார். தான் யார், என்ன தொழில், அன்றாடம் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது வழக்கம், தங்கை எந்தச் சொல்லில் கேட்டாள், தான் எந்த எண்ணைச் சொன்னான் என்பவை மட்டும். அரசு தமிழில் சொன்னான். ரூத் அதைத் தமிழிலேயே எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பைக் கீழே சேர்த்தார். கையெழுத்திட்ட பிறகு, சட்டைப்பையிலிருந்து கடையின் முத்திரையை எடுத்தான்.

"முத்திரையைக் கையோட கொண்டு வந்தீங்களா?" என்றார் ரூத்.

"கடைய வுட்டு வெளிய போனா இத எடுத்துக்கினுதான் போவேன், மேடம். பொண்டாட்டிகிட்ட கூட வுட மாட்டேன்."

"அவங்க அதை மனசுல வெச்சிருப்பாங்க."

"வெச்சிக்கினுதான் கீறா."

முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது. ரூத் இன்னொரு படியை அச்செடுத்து, நேராக இடச் சொன்னார்.

*

அடுத்த வாரம், நாணய மாற்று நிறுவனத்தின் ஆய்வாளர் ஹரிஹரன் கடைக்கு வந்தார். அவர் வந்து அமர்ந்ததும், கேட்பதற்கு முன்பாகவே அரசு அந்த உறுதிக் கடிதத்தின் படியை அவர் முன் வைத்தான். முந்தின இரவு தேவிப்பிரியா அதை வைக்கவேண்டாம் என்று வாதிட்டிருந்தாள். இப்போது சன்னலருகே முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்து, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

ஹரிஹரன் கடிதத்தை இருமுறை படித்தார். பிறகு வங்கித் தாள்களின் கோப்பைக் கேட்டார். விலைப்பலகையில் எழுதியிருந்ததை, அன்றைய தாளோடும் விற்பனை ரசீதுகளோடும் ஒப்பிட்டார்.

"போன்ல ரேட் கேட்டா, எதுக்கான ரேட்டுன்னு சேர்த்துச் சொல்லிடுங்க, அரசு. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, தம் படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டே போனார். அரசுவுக்கு அவருடைய கையெழுத்து தலைகீழாகத் தெரிந்தது, படிக்க முடியவில்லை. புதுப்பித்த சான்றிதழ் மின்னஞ்சலில் வந்த நாள்வரை, கடையின் ஷட்டர் காற்றில் ஆடினாலும் அவன் திரும்பிப் பார்த்தான்.

வரித் துறையின் ஆணை வருவதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின. ரூத் வழக்கம்போல் அச்செடுத்து, ரஞ்சிதாவை வரவழைத்துப் படித்துக்காட்டினார். பங்குப் பலன் சம்பளத்தில் முழுமையாகச் சேர்க்கப்பட்டிருப்பது சம்பளச் சீட்டுகளால் உறுதியாகிறது. விற்ற தொகை, பங்கின் விலையாகவும் வரியாகவும் சென்றிருப்பதும் உறுதியாகிறது. காட்டிய நட்டம் நீக்கப்படுகிறது. சிறிய இலாபம் சேர்க்கப்படுகிறது. விகிதத்தைப் பற்றிய விளக்கம் நேர்மையானது, சான்றுள்ளது. ஆகவே தவறான தகவல் என்ற கேள்வி எழவில்லை.

"இந்த வரியைப் பாருங்க," என்று ரூத் ஒரு தொடரின்கீழ் விரலை ஓட்டினார். யார் என்றே தெரியாத ஓர் அதிகாரி, எங்கோ அமர்ந்து, மாமல்லபுரத்தில் நாணய மாற்றுத் தொழில் நடத்தும் சடையன் மகன் அரசு, வரி செலுத்துபவரின் மூத்த சகோதரர் என்று முழுமையாக எழுதியிருந்தார்.

ரஞ்சிதா அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. கூடுவாஞ்சேரிக்குத் திரும்பும் வண்டியில் இருந்தபோது தேவிப்பிரியா அழைத்தாள்.

"உங்க அண்ணன் அத பிரிண்டு எடுத்து ரேட்டு போர்டு பக்கத்துல ஒட்டணுமாம். வெள்ளக்காரன் படிச்சுட்டு இன்கம் டாக்ஸ் ஆபீசுன்னு திரும்பிப் போயிடுவான்னு நான் கத்திகினுகீறேன். நீயே சொல்லு அவருகிட்ட."

"குடுங்க அண்ணி."

தொலைபேசி கை மாறிற்று. மீதியுள்ள பங்குகளுக்கு அந்த மாதம் பங்காதாயம் வந்திருந்தது. முந்தைய மாதக் கடைசி நாளின் விகிதம் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒட்டும் விவகாரத்தை ஒரு புறம் வைத்துவிட்டு அவள் முதலில் அதைக் கேட்டாள்.

"அண்ணா, போன மாசம் கடைசி நாள் டாலர் வாங்குற ரேட்டு இன்னா?"

மறுமுனையில் கோப்புப் புரளும் ஓசை கேட்டது. பின்பு அது நின்றது.

"நோட்டா, தந்தியா?" என்றான் அரசு.